வியூஸ் குறைந்தால் அது ஷேடோபேனா?

நேற்றுவரை நாலாயிரம் பேர் பார்த்த பக்கத்தில் இன்று நானூறு பேர்கூட எட்டிப்பார்ப்பதில்லை. எச்சரிக்கை எதுவும் வரவில்லை, பதிவு நீக்கப்படவில்லை, கணக்கும் திறந்தேதான் இருக்கிறது. இப்படி ஒரு வாரம் போனால் பெரும்பாலானவர்கள் ஒரே முடிவுக்கு வருகிறார்கள்: "என்னை ஷேடோபேன் பண்ணிட்டாங்க." அந்த முடிவுக்குப் பிறகு அவர்கள் செய்யும் காரியங்கள்தான் கவலை தருகின்றன. சிலர் எழுதிக்கொண்டிருந்த பொருளையே விட்டுவிடுகிறார்கள். சிலர் ஷேடோபேனை எடுத்துத் தருவதாகச் சொல்லும் யாரோ ஒருவருக்குப் பணம் அனுப்புகிறார்கள். சிலர் பாஸ்வேர்டையே கொடுத்துவிடுகிறார்கள்.

எதிர்ப்பக்கத்தில் நிறுவனங்கள் பல ஆண்டுகளாக ஒரே பதிலைச் சொல்லிவருகின்றன: ஷேடோபேன் என்று ஒன்று எங்களிடம் கிடையாது. பயனர் சொல்வதையும் அப்படியே ஏற்க முடியாது, நிறுவனம் சொல்வதையும் அப்படியே ஏற்க முடியாது. ஒரே பெயரை வைத்துக்கொண்டு இருவரும் வெவ்வேறு காரியங்களைப் பற்றிப் பேசுகிறார்கள். அந்த இடைவெளி புரியாதவர்கள்தான் ஏமாறுகிறார்கள்.

ஷேடோபேனின் பழைய வடிவம் எளிமையானது. இணைய விவாதக் குழுக்களின் காலத்தில், தொடர்ந்து தொல்லை கொடுக்கும் ஒருவரை வெளியே தள்ளினால் அவர் அடுத்த நிமிடமே வேறு பெயரில் வந்துவிடுவார். அதனால் நிர்வாகிகள் அவரை வெளியேற்றாமல், அவர் எழுதுவது அவர் கண்ணுக்கு மட்டும் தெரியும்படி அமைத்தார்கள். அவர் எழுதிக்கொண்டே இருப்பார். மற்றவர்களுக்கு அது தெரியவே தெரியாது. ரெடிட் தளமும் விளம்பரக் குப்பை கொட்டுபவர்களை இப்படித்தான் நீண்டகாலம் கையாண்டது. அங்கே சோதித்துப் பார்ப்பதும் சுலபம். கணக்கிலிருந்து வெளியே வந்து, உங்கள் சொந்தப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். அப்படி ஒரு பக்கமே இல்லை என்று வந்தால் சந்தேகத்துக்கு இடமில்லை. ஆனால் குப்பை கொட்டும் எந்திரக் கணக்குகளோடு உண்மையான மனிதர்களும் இதில் சிக்கினார்கள். காரணம் தெரியாமல் மாதக்கணக்கில் சுவரோடு பேசிக்கொண்டிருந்தவர்கள் உண்டு. அந்த எதிர்ப்புக்குப் பிறகு 2015இல் ரெடிட் மனிதர்களுக்கென்று வெளிப்படையான இடைநீக்க முறையைக் கொண்டுவந்தது.

இந்தப் பழைய பொருளைத்தான் நிறுவனங்கள் இன்றும் இறுகப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. ஏன் என்று புரிய 2018 ஜூலையில் ட்விட்டரில் நடந்ததைப் பார்க்க வேண்டும்.

அந்த மாதம் அமெரிக்காவின் வைஸ் நியூஸ் ஒரு செய்தி வெளியிட்டது. ட்விட்டரின் தேடல் பெட்டியில் ஒரு பெயரைத் தட்டச்சு செய்யும்போதே கீழே சில கணக்குகள் பரிந்துரையாக வரிசைகட்டி வரும் அல்லவா? அந்த வரிசையில் மேட் கேட்ஸ், ஜிம் ஜோர்டன், மார்க் மெடோஸ், டெவின் நூனஸ் போன்ற குடியரசுக் கட்சி எம்.பி.க்கள் சிலரும், அக்கட்சியின் தேசியக் குழுத் தலைவர் ரோனா மெக்டேனியலும் வரவில்லை. பெயரை முழுதாக எழுதித் தேடினால் கணக்கு கிடைக்கும். பின்தொடர்பவர்களுக்குப் பதிவுகளும் போய்க்கொண்டிருந்தன. பரிந்துரை வரிசையில் மட்டும் பெயர் இல்லை. அப்போது அதிபராக இருந்த டிரம்ப், இது ஷேடோபேன் என்றும் பாரபட்சம் என்றும் ட்விட்டரிலேயே எழுதினார்.

ட்விட்டர் உடனே விளக்கம் அளித்தது. நிறுவனத்தின் சட்டப் பிரிவுத் தலைவர் விஜயா காடேவும், தயாரிப்புப் பிரிவைக் கவனித்த கேவன் பேக்பூரும் சேர்ந்து எழுதிய விளக்கம் அது. பதிவிட்டவருக்கே தெரியாமல், அவரைத் தவிர வேறு யாருமே கண்டுபிடிக்க முடியாதபடி அவர் பதிவை வேண்டுமென்றே மறைப்பதுதான் ஷேடோபேன். அதை நாங்கள் செய்வதில்லை. இதுதான் அவர்கள் வகுத்த வரையறை. நீங்கள் பின்தொடரும் கணக்கின் பதிவை எப்போதும் பார்க்கலாம் என்று உறுதியளித்தார்கள். அதே மூச்சில், சில சமயம் அதற்காக நேரடியாக அந்தக் கணக்கின் பக்கத்துக்கே போகவேண்டி வரலாம் என்றும் சேர்த்துக்கொண்டார்கள்.

அந்தக் கடைசி வாக்கியத்தை நிறுத்திப் படிக்க வேண்டும். வீட்டுக்கு வந்தால் பார்க்கலாம், தெருவில் பார்க்க முடியாது என்பதுதான் அதன் பொருள். வரையறைப்படி இது ஷேடோபேன் இல்லை. எழுதுகிறவரின் கண்ணில் அதற்கும் ஷேடோபேனுக்கும் அதிக வித்தியாசம் இல்லை.

பரிந்துரை வரிசை விவகாரத்துக்கு அவர்கள் சொன்ன காரணமும் முக்கியமானது. அந்த ஆண்டு மே மாதம் முதல் ட்விட்டர், பதிவின் உள்ளடக்கத்தோடு கணக்கின் நடத்தையையும் கணக்கில் எடுக்கத் தொடங்கியிருந்தது. மின்னஞ்சல் உறுதி செய்யப்பட்டதா, ஒரே ஆள் ஒரே நேரத்தில் பல கணக்குகள் தொடங்கினாரா, தன்னைப் பின்தொடராதவர்களை ஓயாமல் குறிப்பிட்டு இழுக்கிறாரா, அவரை யார் பின்தொடர்கிறார்கள், யார் பிளாக் செய்கிறார்கள், யார் மியூட் செய்கிறார்கள் என்பவை அந்த அடையாளங்கள். இவற்றை வைத்துத் தேடலிலும் பதில்களிலும் சில கணக்குகளைக் கீழே தள்ளினார்கள். இந்த ஏற்பாடு பரிந்துரை வரிசையில் அளவுக்கு மீறி வேலை செய்துவிட்டது என்றும், பாதிக்கப்பட்டவை லட்சக்கணக்கான கணக்குகள் என்றும், அவற்றில் ஜனநாயகக் கட்சியினரும் உண்டு என்றும் ட்விட்டர் கூறியது. பிறகு அதைச் சரிசெய்தது.

ஆக, கட்சி பார்த்து மறைத்தார்கள் என்ற குற்றச்சாட்டை அந்த விளக்கம் ஏற்கவில்லை. ஆனால் மறைப்பு நடந்தது என்பதை அது ஒப்புக்கொண்டது. ஒரு மனிதர் உட்கார்ந்து பெயர்ப் பட்டியல் போட்டாரா, எந்திரக் கணக்கீடு தானாகத் தள்ளியதா என்பது மறைக்கப்பட்டவருக்கு இரண்டாம் கேள்வி. எங்கே மறைந்தோம், ஏன் என்று யாரும் சொல்லவில்லையே என்பதுதான் அவருக்கு முதல் கேள்வி.

பெயர்ப் பட்டியல்களும் இருந்தன என்பது நான்கு ஆண்டுகள் கழித்து வெளிவந்தது. எலான் மஸ்க் ட்விட்டரை வாங்கிய பின், 2022 டிசம்பரில் பத்திரிகையாளர் பாரி வைஸ் நிறுவனத்தின் உட்திரைப் படங்களை வெளியிட்டார். அங்கே சில கணக்குகளின் மேல் ட்ரெண்டிங் தடைப் பட்டியல், தேடல் தடைப் பட்டியல், பெருக்க வேண்டாம் என்ற குறிப்புகள் ஒட்டப்பட்டிருந்தன. அப்போது ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்த ஜெய் பட்டாச்சார்யாவின் கணக்கு ட்ரெண்டிங் தடைப் பட்டியலில் இருந்தது. நிறுவனத்துக்குள் இதை ஷேடோபேன் என்று யாரும் அழைக்கவில்லை. தெரிவுநிலை வடிகட்டல் என்றே அழைத்தார்கள். அந்தப் படங்களைத் தேர்ந்து வெளியிட்டவர்களுக்கும் ஒரு சார்பு உண்டு; எல்லாக் கணக்குகளின் நிலையையும் அவர்கள் காட்டவில்லை. ஆனாலும் கருவி இருந்தது என்பதில் ஐயமில்லை. புதிய உரிமையாளரும் அந்தக் கருவியைத் தூக்கிப் போட்டுவிடவில்லை. பேச்சுக்குச் சுதந்திரம் உண்டு, அது பரவுவதற்குச் சுதந்திரம் கிடையாது என்பதே தன் கொள்கை என்று அவரும் அதற்கு முந்தைய மாதமே அறிவித்திருந்தார்.

இனி, திட்டமிட்ட தடை என்றோ தொழில்நுட்பக் கோளாறு என்றோ சுலபமாகப் பிரிக்க முடியாத ஒரு நிகழ்வு. 2021 மே மாதம் ஜெருசலேமில் அல்-அக்ஸா மசூதி வளாகத்தில் மோதல் நடந்தபோது, இன்ஸ்டாகிராமில் அந்த மசூதியின் பெயரிலான #AlAqsa என்ற ஹேஷ்டேகைத் தேடியவர்களுக்கு எதுவும் கிடைக்கவில்லை. உலகமே பேசிக்கொண்டிருந்த இடத்தின் பெயர் தேடலில் இல்லை. பாலஸ்தீனர்கள் இதைத் திட்டமிட்ட தடை என்றார்கள். நிறுவனம் தவறு நேர்ந்துவிட்டது என்றது. மெட்டாவே நியமித்த பி.எஸ்.ஆர். என்ற ஆய்வு அமைப்பு 2022 செப்டம்பரில் தந்த அறிக்கையில்தான் நடந்தது தெரிந்தது. அமெரிக்கக் கருவூலத் துறையின் தடைப் பட்டியலில் அல்-அக்ஸா பிரிகேட் என்ற ஆயுதக் குழுவின் பெயர் இருந்தது. அந்தப் பட்டியலிலிருந்து சொற்களை எடுத்துக்கொண்டிருந்த ஒப்பந்தப் பணியாளர் ஒருவர், மசூதியின் பெயரையும் தடைச் சொற்களோடு சேர்த்துவிட்டார். அதோடு ஹேஷ்டேக் தேடலிலிருந்து மறைந்தது.

இதில் சதி இல்லை. எந்திரக் கோளாறும் இல்லை. பட்டியல் வைத்து மறைக்கும் ஏற்பாடு ஒன்று இருந்தது, அதில் ஒருவர் கை தவறியது, அதைக் கண்டுபிடிக்க வெளியாருக்கு வழி இல்லை. அதே அறிக்கை இன்னொன்றையும் சொன்னது. அரபு மொழிப் பதிவுகள் ஹீப்ரு மொழிப் பதிவுகளைவிட அதிகமாகத் தவறாக நீக்கப்பட்டன. அந்தந்த வட்டார அரபு தெரியாத பணியாளர்களிடமும் பதிவுகள் பரிசீலனைக்குப் போயின. ஆங்கிலத்தில் எழுதாத எவரும், தமிழில் எழுதுகிற நாமும், இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். தடைப் பட்டியலில் ஒரு சொல் நுழையும்போது அந்தச் சொல்லுக்கு ஊரில் வேறு என்ன பொருள் உண்டு என்று கேட்க ஆள் இருப்பார் என்று நம்ப முடியாது.

நல்லெண்ணத்தோடும் மறைப்பு நடக்கும். 2019 டிசம்பரில் ஜெர்மனியின் நெட்ஸ்பொலிட்டிக் தளம், டிக்டாக் நிறுவனத்தின் உள் வழிகாட்டுதல்களை வெளியிட்டது. மாற்றுத்திறனாளிகள், முகத்தில் வேறுபாடு உள்ளவர்கள் ஆகியோரின் வீடியோக்களைக் குறிப்பிட்ட அளவுக்கு மேல் பரவவிடாமல் நிறுத்தும்படி பணியாளர்களுக்கு அதில் சொல்லப்பட்டிருந்தது. கேலிக்கு ஆளாகாமல் அவர்களைப் பாதுகாக்கவே அப்படிச் செய்தோம், அது தவறான முறை என்று நிறுவனம் ஒப்புக்கொண்டது. அந்த வீடியோக்களை எடுத்தவர்களுக்கு எந்த அறிவிப்பும் போகவில்லை. தங்கள் வீடியோவில் சுவாரசியம் இல்லை என்றுதான் அவர்கள் நினைத்திருப்பார்கள். இந்த ஒன்றை என்னால் எளிதில் கடந்து போக முடியவில்லை.

இத்தனையும் படித்தபின், "அப்படியானால் எனக்கும் நடந்திருக்கிறது" என்று தோன்றுவது இயல்பு. அங்கேதான் நிதானம் வேண்டும். மறைப்பு உண்மை என்பதால் உங்கள் வியூஸ் குறைந்ததற்கு அதுதான் காரணம் என்று ஆகிவிடாது.

முதலில் ஒரு அடிப்படை உண்மை. உங்களைப் பின்தொடரும் எல்லோருக்கும் உங்கள் பதிவு எந்தக் காலத்திலும் போய்ச் சேர்ந்ததில்லை. 2016இல் இன்ஸ்டாகிராம் கால வரிசையைக் கைவிட்டபோது, ஒருவர் தம் ஃபீடில் வருபவற்றில் சராசரியாக 70 சதவீதத்தைப் பார்க்காமலே விடுகிறார் என்று அந்த நிறுவனம் சொன்னது. இப்போது இன்ஸ்டாகிராமின் தலைவராக இருக்கும் ஆடம் மொசேரியும் 2021இல் இதையே சொன்னார்: பெரும்பாலோர் தங்கள் ஃபீடில் பாதியைக்கூடப் பார்ப்பதில்லை, அதனால் உங்கள் ஃபாலோயர்களில் பெரும்பகுதியினர் உங்கள் பதிவைக் காணமாட்டார்கள். யார் பார்க்கிறார்கள் என்பதை ஒவ்வொரு முறையும் கணக்கீடு புதிதாகத் தீர்மானிக்கிறது. எனவே ஏற்ற இறக்கம் வழக்கம். சமமாக இருந்தால்தான் வியப்பு.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். சமையல் பக்கம் நடத்தும் ஒருவருக்கு இன்ஸ்டாகிராமில் 8,000 ஃபாலோயர்கள் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய ரீல் ஒன்றுக்குச் சாதாரணமாக 4,000 பேர் வருகிறார்கள். அதில் 1,500 பேர் ஃபாலோயர்கள், 2,500 பேர் வெளியாட்கள். போன மாதம் வத்தக்குழம்பு ரீல் ஒன்று திடீரென்று 90,000 பேரைத் தொட்டது. அதற்குப் பின் போட்ட மூன்று ரீல்களுக்கு 4,500, 3,800, 4,100. அவர் பதறுகிறார். தொண்ணூறாயிரத்திலிருந்து நாலாயிரம் என்றால் யாரோ கழுத்தைப் பிடித்தது போலத்தான் இருக்கும். ஆனால் நடந்தது, அவர் பக்கம் தன் பழைய நிலைக்குத் திரும்பியதுதான். மாதச் சராசரியைப் பார்த்தால் இது தெரியாது. அந்த ஒரு பெரிய எண் சராசரியைத் தூக்கிவிடும். கடைசி இருபது பதிவுகளின் எண்களைச் சிறியதிலிருந்து பெரியதாக வரிசைப்படுத்தி நடுவில் இருப்பதைப் பாருங்கள். அதுதான் உங்கள் உண்மையான அளவு. ஷேடோபேன் புகார் சொல்லும் பலர் இந்த ஒரு படியிலேயே நிம்மதி அடையலாம்.

இப்போது வேறு நிலை. அதே பக்கத்தில் ரீலுக்கு 2,000 பேர் மட்டுமே வருகிறார்கள். 800 பேர் ஃபாலோயர்கள், 1,200 பேர் வெளியாட்கள். இரண்டும் ஏறக்குறைய ஒரே விகிதத்தில் பாதியாகியிருக்கின்றன. இது தடையின் அடையாளம் அல்ல. ஆர்வம் குறைந்திருக்கலாம், தேர்வுக் காலமோ திருவிழாவோ இருக்கலாம், அதே பொருளில் நூறு பேர் புதிதாக ரீல் போடத் தொடங்கியிருக்கலாம், நிறுவனம் கணக்கீட்டை மாற்றியிருக்கலாம்.

மூன்றாவது நிலைதான் கவனிக்க வேண்டியது. ஃபாலோயர்கள் வழக்கம்போல 1,500 பேர் வருகிறார்கள். வெளியாட்கள் 2,500இலிருந்து 60 ஆகிவிட்டார்கள். ஒரு ரீலில் மட்டும் அல்ல, அடுத்தடுத்து எட்டுப் பத்து ரீல்களில் இதே கதை. வேர் அப்படியே இருக்க, கிளை மட்டும் வெட்டப்பட்டிருக்கிறது. இன்ஸ்டாகிராமில் புதியவர்களுக்குப் பதிவைக் கொண்டுபோவது பரிந்துரை ஏற்பாடு. அதற்கென்று 2020இல் வெளியிடப்பட்ட தனி விதிகள் உண்டு. நீக்கும் அளவுக்குத் தவறு இல்லாவிட்டாலும், பரிந்துரைக்கத் தகாதது என்று ஒரு பதிவை ஒதுக்க அந்த விதிகளில் இடம் இருக்கிறது. அதிசயமாகக் குணமாகும் என்று சொல்லும் மருத்துவப் பதிவுகள், எடை குறைப்புப் பொருள் விற்பனை, பாலியல் சாயல் உள்ள படங்கள், வேறு இடத்திலிருந்து எடுத்துப் போட்டவை என்று பல வகை. உடலை மையமாகக் கொண்ட நடனம், உடற்பயிற்சி, உடல்நலக் கல்வி ஆகியவற்றைச் செய்பவர்கள் இதில் அடிக்கடி மாட்டுகிறார்கள். எந்திரத்துக்குத் தோல்தான் தெரிகிறது, நோக்கம் தெரிவதில்லை.

இந்த மூன்றாம் நிலையில் ஊகிக்க வேண்டியதில்லை, பார்த்தே விடலாம். இன்ஸ்டாகிராமின் அமைப்புகளில் `Account Status` என்ற பகுதி இருக்கிறது. 2022 டிசம்பர் முதல், தொழில்முறைக் கணக்கு வைத்திருப்பவர்களுக்கு அங்கே தங்கள் கணக்கைப் பரிந்துரைக்கலாமா கூடாதா என்ற நிலை காட்டப்படுகிறது. எந்தப் பதிவு காரணம் என்றும் பல நேரங்களில் வரும். அந்தப் பதிவைத் திருத்தலாம், நீக்கலாம், மறுபரிசீலனை கேட்கலாம். தடை ஏதும் இல்லை என்று அங்கே வந்தால், நிறுவனம் ஒப்புக்கொள்ளும் அளவில் தடை இல்லை என்று பொருள். அல்-அக்ஸா போலத் தேடலில் ஒரு சொல் மட்டும் மறைக்கப்பட்டால் அது அங்கே தெரியாது என்பதையும் மறக்கக் கூடாது.

அதைச் சோதிக்க வேறு வழி. உங்களைப் பின்தொடராத மூன்று நான்கு பேரிடம், வெவ்வேறு போன்களில், உங்கள் பதிவில் உள்ள அதிகம் பயன்படாத ஒரு ஹேஷ்டேகைத் தேடச் சொல்லுங்கள். கூட்டமான ஹேஷ்டேகில் சோதித்துப் பயனில்லை. லட்சம் பதிவுகளுக்கு நடுவே உங்களுடையது தெரியாமல் போவது இயல்பு. ஐம்பது நூறு பதிவுகளே உள்ள ஹேஷ்டேகில் எல்லோருக்கும் உங்கள் பதிவு மட்டும் காணவில்லை என்றால் அது பேசத்தக்க சான்று. எக்ஸ் தளத்தில் உங்கள் பயனர் பெயரைத் தேடல் பெட்டியில் தட்டச்சு செய்து பரிந்துரையில் வருகிறதா, முழுதாகத் தேடினால் வருகிறதா, மற்றவர் பதிவுக்கு நீங்கள் எழுதிய பதில் கூடுதல் பதில்களைக் காட்டு என்ற திரைக்குக் கீழே போய்விட்டதா என்று தனித்தனியாகப் பாருங்கள். ஒவ்வொன்றும் வேறு வேறு கதவு. ஒன்று மூடினால் எல்லாம் மூடியதாக அர்த்தம் இல்லை. ஷேடோபேன் என்று பொதுவாகப் புகார் எழுதினால் பதில் வராது; எந்தக் கதவு, எந்தத் தேதி முதல், எந்தப் போன்களில் என்று எழுதினால்தான் வாதாட முடியும். திரையைப் படம் பிடித்துத் தேதியோடு வைத்துக்கொள்ளுங்கள்.

கோளாறும் இருக்கும் என்பதை இங்கே சேர்த்தே சொல்ல வேண்டும். 2020இல் ஜார்ஜ் ஃபிளாய்ட் கொல்லப்பட்ட நாட்களில், டிக்டாக்கில் அவர் பெயரிலான ஹேஷ்டேகுக்குப் பார்வை எண்ணிக்கை பூஜ்யம் என்று காட்டியது. மக்கள் கொதித்தார்கள். எண்ணிக்கையைக் காட்டும் இடத்தில் நேர்ந்த பிழை அது, வேறு ஹேஷ்டேகுகளுக்கும் அப்படியே காட்டியது, வீடியோக்கள் ஓடிக்கொண்டுதான் இருந்தன என்று சொல்லி நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. 2023 அக்டோபரில் காசா போர் தொடங்கியபோது இன்ஸ்டாகிராம் ஸ்டோரிகளின் ரீச் சரிந்தது. உலகெங்கும் எல்லாப் பொருளையும் பாதித்த பிழை என்று மெட்டா சொன்னது. ஆனால் அதே ஆண்டு டிசம்பரில் மனித உரிமைகள் கண்காணிப்பகம், அக்டோபர், நவம்பர் மாதங்களில் மட்டும் அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து வந்த 1,050 நீக்கங்களையும் அடக்கங்களையும் ஆவணப்படுத்தியது. பிழையும் இருந்திருக்கிறது, அடக்கமும் இருந்திருக்கிறது. பாதிக்கப்பட்டவர் ஒன்றை மற்றொன்றிலிருந்து பிரித்தறிய வழி இல்லை என்பதே இங்கு அநீதி.

இந்த இருட்டில்தான் மோசடிக்காரர்கள் கடை போடுகிறார்கள். ஷேடோபேன் இருக்கிறதா என்று உடனே சோதித்துச் சொல்வதாகப் பல தளங்களும் செயலிகளும் உள்ளன. எக்ஸ் போன்ற தளத்தில், வெளியே தெரியும் தேடல் முடிவுகளைப் பார்த்துச் சிலவற்றை அவை சொல்லிவிட முடியும். இன்ஸ்டாகிராமின் பரிந்துரை நிலை உங்கள் கணக்குக்குள் மட்டுமே தெரியும் விஷயம். வெளியிலிருந்து எந்தத் தளத்தாலும் அதைப் பார்க்க முடியாது. அதைச் சொல்வதாகக் கூறி லாகின் செய்யச் சொன்னால் அது சோதனை அல்ல, உங்கள் சாவியைக் கேட்கிறது. தடையை நீக்கித் தருகிறோம், உள்ளே எங்களுக்கு ஆள் இருக்கிறது என்று மெசேஜ் அனுப்புபவர்களும் அப்படியே. அவர்கள் கேட்பது பணம், அடுத்து பாஸ்வேர்டு, அடுத்து உங்கள் போனுக்கு வரும் ஓடிபி. அதோடு கணக்கு கைமாறிவிடும். பல ஆண்டு உழைப்பில் சேர்ந்த ஃபாலோயர்களோடு.

ரீச்சை மீட்க ஃபாலோயர்களை விலைக்கு வாங்குவதும், ஒருவருக்கொருவர் லைக் போட்டுக்கொள்ளும் வாட்ஸ்அப் குழுக்களில் சேர்வதும் நிலைமையைக் கெடுக்கும். 2018இல் ட்விட்டர் என்ன சொன்னது என்று நினைவுபடுத்திக்கொள்ளுங்கள்: கணக்கைச் சூழ்ந்திருப்பவர்களின் நடத்தையும் ஓர் அடையாளம். விலைக்கு வந்த போலிக் கணக்குகள் உங்கள் ரீலைப் பார்க்கப்போவதில்லை. பார்க்காத ஃபாலோயர்கள் பெருகினால், உங்கள் பதிவில் யாருக்கும் ஆர்வம் இல்லை என்றே கணக்கீடு முடிவு செய்யும். இல்லாத ஷேடோபேனுக்கு மருந்து தேடிப் போய் உண்மையான சரிவை வாங்கிவந்தவர்கள் ஏராளம். தடைச் சொல்லாக இருக்குமோ என்று அஞ்சி, சொற்களுக்கு நடுவே புள்ளியும் நட்சத்திரமும் வைத்து எழுதும் பழக்கமும் பரவிவருகிறது. அது எந்திரத்தை ஏமாற்றுகிறதோ இல்லையோ, அந்தச் சொல்லைத் தேடி வரும் வாசகரை நிச்சயம் திருப்பி அனுப்பிவிடும்.

பயனருக்குச் சட்டம் துணை நிற்கும் இடமும் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 பிப்ரவரி முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்த டிஜிட்டல் சேவைகள் சட்டம், பதிவின் தெரிவுநிலையைக் குறைப்பதையும் நீக்கத்துக்கு இணையான நடவடிக்கையாகவே கருதுகிறது. குறைத்தால் காரணத்தை எழுத்தில் சொல்ல வேண்டும். நெதர்லாந்தின் டேனி மெகிச் என்ற ஆய்வாளர், எக்ஸ் தளத்தின் தேடலில் தன் கணக்கு மறைக்கப்பட்டதை எதிர்த்து வழக்குத் தொடுத்தார். பொதுப்படையான பதில்களைத் தந்துகொண்டிருந்த நிறுவனம் தன் கடமையை மீறியது என்று 2024 ஜூலையில் ஆம்ஸ்டர்டாம் நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. அவர் வென்றதற்குக் காரணம், ஷேடோபேன் என்ற பொதுப் புகாரோடு அவர் நிற்கவில்லை; எந்த இடத்தில் மறைக்கப்பட்டேன், ஏன் காரணம் சொல்லவில்லை என்று கேட்டார்.

இந்தியாவில் 2021ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகள், பெரிய சமூக வலைத்தள நிறுவனம் தானாக ஒரு பதிவை நீக்கினாலோ அணுக முடியாதபடி செய்தாலோ பயனருக்குக் காரணத்தோடு அறிவிக்க வேண்டும் என்கின்றன. பதிவை விட்டுவைத்துப் பரவலை மட்டும் குறைப்பதைப் பற்றி அந்த விதியில் வெளிப்படையாக எதுவும் இல்லை. இந்த ஓட்டை அடைக்கப்பட வேண்டும். ஆனால் அதே விதிகளின்படி ஒவ்வொரு பெரிய நிறுவனமும் இந்தியாவில் ஒரு குறைதீர் அதிகாரியை வைத்திருக்கிறது. அவருடைய முகவரி அந்தந்தத் தளத்திலேயே கிடைக்கும். அவருடைய பதில் திருப்தி தராவிட்டால், 2023இல் மத்திய அரசு அமைத்த குறைதீர் மேல்முறையீட்டுக் குழுவிடம் இணையத்திலேயே கட்டணம் இல்லாமல் முறையிடலாம். உங்கள் எண்களையும், தேதிகளையும், திரைப் படங்களையும் எடுத்துக்கொண்டு அங்கே போங்கள். தடையை நீக்கித் தருவதாக இன்பாக்ஸில் வரும் ஆளுக்குப் பதில் அனுப்பாதீர்கள்; ஓடிபி எண்ணை யாருக்கும் சொல்லாதீர்கள்.